அட்லஸ் ஓரங்களில் நிறக்கசிவு: மிப்மேப்புக்கு முன் பேடிங்கும் டைலேஷனும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பேசுகின்றன. கட்டங்களால் ஆன தரை கொண்ட ஒரு விளையாட்டு. அதன் ஒவ்வொரு டைலும் 64×64 டெக்சல்; டெக்சல் என்பது டெக்ஸ்சர் படத்தின் ஒரு புள்ளி. எல்லா டைல்களும் 1024×1024 அளவுள்ள ஒரே பெரிய படத்தில், அதாவது அட்லஸில், அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் எந்த இடத்தை எடுப்பது என்று சொல்லும் எண்களே யூவி. மாடலின் பரப்பை விரித்துப் படத்தில் வைத்த துண்டுகளான, ஒழுங்கற்ற வடிவம் கொண்ட யூவி தீவுகளுக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அட்லஸில் புல் டைலுக்குப் பக்கத்தில் எரிமலைக் குழம்பு டைல் இருக்கிறது. தரையில் புல்லின் ஓரத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு தெரிகிறது. யூவி எண்கள் சரியாகத்தானே இருக்கின்றன?

எண்கள் சரிதான். தவறு, "டைலின் ஓரம்" என்பதை நாமும் ஜிபியூவும் வெவ்வேறாகப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. பைலீனியர் வடிகட்டல் ஒரு புள்ளியின் நிறத்தைக் கேட்டவுடன் அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள நான்கு டெக்சல்களை எடுத்து, அவற்றின் மையங்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதைப் பொறுத்துக் கலக்கிறது. புல் டைலின் வலது விளிம்பு, புல்லின் கடைசி டெக்சல் மையத்துக்கும் குழம்பின் முதல் டெக்சல் மையத்துக்கும் சரியாக நடுவில் விழுகிறது. ஆகவே அந்த இடத்தில் கிடைக்கும் நிறத்தில் பாதி குழம்பினுடையது. இரண்டும் வெவ்வேறு படங்கள் என்பது ஜிபியூவுக்குத் தெரியாது. அதன் கண்ணில் அட்லஸ் முழுவதும் ஒரே படம்.

தொலைவில் நிலைமை இன்னும் மோசமாகிறது. மிப்மேப் என்பது தொலைவில் பயன்படுத்துவதற்காக, நிலைக்கு நிலை பாதியாகச் சுருக்கி வைத்த படங்களின் வரிசை. அதன் 4ஆம் நிலையில் ஒரு டெக்சல் என்பது மூலப்படத்தின் 16×16 டெக்சல்களின் சராசரி. அதே பாதிக்குப் பாதிக் கலப்பு இப்போது விளிம்பிலிருந்து 8 மூல டெக்சல் ஆழம் வரை நீள்கிறது. ஆனால் அந்தத் தொலைவில் ஒரு மிப் டெக்சல் ஏறத்தாழ ஒரு திரைப் பிக்சலுக்குச் சமம் என்பதால், எவ்வளவு தள்ளிப் போனாலும் கோடு ஏறத்தாழ ஒரு பிக்சல் தடிமனிலேயே இருக்கும். தொலைவோடு சேர்ந்து மெலியாத கோட்டைப் பார்த்தால் முதலில் மிப்மேப்பைச் சந்தேகிக்கலாம்.

அரை டெக்சல் உள்ளே தள்ளி யூவி கொடுத்தேன். அருகில் கோடு போய்விட்டது, தள்ளிப் போனால் திரும்ப வருகிறது. ஏன்?

அந்த அரை டெக்சல், மூலப்படத்தின் அரை டெக்சல். பெரும்பாலான இடங்களில் முதல் தீர்வாக இதைத்தான் சொல்கிறார்கள். மிப்மேப் இல்லாத இருபரிமாண விளையாட்டுக்கு அது போதும். ஆனால் 4ஆம் நிலையில் மூலப்படத்தின் அரை டெக்சல் என்பது ஒரு டெக்சலில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான். அங்கே பக்கத்து டைலின் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 46.9 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அந்த நிலைக்கும் சேர்த்து உள்ளே தள்ள வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் 8 டெக்சல் வெட்ட வேண்டும். 64 டெக்சல் டைலில் 48 மட்டுமே மிஞ்சும். வெட்டுவதற்குப் பதிலாக வெளியே இடம் விடுவதுதான் பேடிங்.

எத்தனை டெக்சல் பேடிங் விட வேண்டும்? 2 போதும் என்கிறார் ஒருவர், 16 வேண்டும் என்கிறார் இன்னொருவர்.

எந்த மிப் நிலை வரை சுத்தமாக இருக்க வேண்டும், கட்டங்கள் எங்கே தொடங்குகின்றன என்ற இரண்டையும் சொல்லாமல் இதற்கு விடை கிடையாது. அவர்கள் இருவரும் வெவ்வேறு அட்லஸை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

டைலும் அதைச் சுற்றியுள்ள பேடிங்கும் சேர்ந்ததைக் கட்டம் என்று கொள்வோம். n என்னும் மிப் நிலையில் ஒரு டெக்சல் மூலப்படத்தில் 2ⁿ டெக்சல் அகலத்தை மூடுகிறது. எல்லாக் கட்டங்களும் 2ⁿ-இன் மடங்குகளிலேயே தொடங்கி முடிந்தால், எந்த மிப் டெக்சலும் இரண்டு கட்டங்களின் மேல் கால் வைத்து நிற்காது. அதாவது சராசரி எடுக்கும்போது கலப்பே நடக்காது. மிஞ்சுவது பைலீனியர் கலப்பு மட்டும். அது அந்த நிலையின் அரை டெக்சல் தொலைவை மட்டுமே கேட்கிறது. கட்டங்கள் அப்படி ஒழுங்காக அமையாவிட்டால் சராசரியிலும் கலப்பிலும் இரண்டு முறை நிறம் கசியும். அப்போது மிக மோசமான நிலையில் ஒன்றரை மிப் டெக்சல் அகலம் தேவைப்படும்.

```
கட்டம் 2^n மடங்கில் அமைந்தால் :  பேடிங் >= 2^n / 2
எங்கும் அமையலாம் என்றால்     :  பேடிங் >= 1.5 * 2^n
```

நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு பக்கமும் 8 டெக்சல் பேடிங் விட்டால் கட்டம் 80 டெக்சல் ஆகிறது. 80 என்பது 16-இன் மடங்கு. ஆகவே 4ஆம் நிலை வரை சுத்தம். அதே 8 டெக்சலை, கட்டங்களை இடம் கிடைத்த இடத்திலெல்லாம் செருகும் அடுக்கு நிரலிடம் கொடுத்தால் 2ஆம் நிலை வரைதான் உறுதி. ஒரே செலவில் இரண்டு நிலைகள் கூடுதலாகக் கிடைப்பதால், பேடிங்கைக் கூட்டுவதற்கு முன் கட்டத்தின் தொடக்கத்தைச் சீர்செய்யுங்கள்.

மூன்றாம் நெடுவரிசையை நெருங்கிப் பார்ப்போம், எண்ணுவது பூஜ்ஜியத்திலிருந்து. கட்டம் 240இல் தொடங்குகிறது, டைலின் உள்ளடக்கம் 248 முதல் 312 வரை.

```
u0 = (3*80 + 8)  / 1024 = 0.2421875
u1 = (3*80 + 72) / 1024 = 0.3046875
```

4ஆம் நிலையில் 240 முதல் 256 வரை ஒரே டெக்சல். அதன் மையம் 248. டைலின் இடது விளிம்பு அந்த மையத்தின் மேலேயே விழுவதால் முழு நிறமும் அந்த ஒரு டெக்சலிலிருந்தே வருகிறது. அந்த டெக்சலும் முழுக்க நம் கட்டத்துக்குள் இருக்கிறது. 5ஆம் நிலையில் 224 முதல் 256 வரை ஒரே டெக்சல். அதில் பாதி பக்கத்துக் கட்டம். விளிம்பில் இந்த டெக்சலின் எடை முக்கால் பங்கு. ஆகவே பக்கத்து டைலின் நிறம் 37.5 விழுக்காடு உள்ளே வந்துவிடுகிறது. ஒரு நிலை தாண்டியதும் கசிவு மெல்ல மெல்லக் கூடுவதில்லை, ஒரேயடியாக உள்ளே பாய்கிறது.

விலையையும் பார்க்க வேண்டும். பேடிங் இல்லாமல் 256 டைல்கள் பிடித்த அட்லஸில் இப்போது ஒரு வரிசைக்கு 12 என்ற கணக்கில் 144 டைல்கள்தான் பிடிக்கும்.

பேடிங் விட்டேன். இப்போது ஆரஞ்சுக் கோட்டுக்குப் பதிலாகக் கருப்புக் கோடு வருகிறது.

இடம் விட்டீர்கள், ஆனால் அதை நிரப்பவில்லை. காலியாக விட்ட பேடிங்கில் கருப்பு இருக்கிறது. குழம்பு கசிந்த வழியிலேயே இப்போது கருப்பு கசிகிறது. பேடிங்கில் அந்த டைலின் நிறமே இருக்க வேண்டும்.

எதை நிரப்புவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் புல் போன்ற டைலுக்கு எதிர் ஓரத்தின் டெக்சல்களைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். ஏனெனில் திரையில் அதன் வலப்பக்கத்தில் உண்மையிலேயே வரப்போவது அதே டைலின் இடப்பக்கம். கதவு, பெயர்ப்பலகை போன்று தனியாக நிற்பவற்றுக்கு ஓர டெக்சலையே வெளிநோக்கி நீட்டினால் போதும். பைத்தானில் இரண்டுமே ஒரு வரி வேலை:

```python
pul   = np.pad(pul,   ((8,8),(8,8),(0,0)), mode="wrap")
kadhavu = np.pad(kadhavu, ((8,8),(8,8),(0,0)), mode="edge")
```

புல்லுக்கு `edge` கொடுத்தாலும் ஆரஞ்சோ கருப்போ வராது; அதனால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் மிப் நிலைகளில் ஓர டெக்சலின் பங்கு அளவுக்கு மீறிக் கூடிவிடுவதால், நிறம் சீராக இல்லாத டைலில் தொலைவிலிருந்து ஒரு மங்கிய சதுர வலை தெரியும். மூலைகளையும் மறக்க வேண்டாம். நான்கு பக்கங்களையும் தனித்தனியாக நகலெடுக்கும் நிரல்களில் 8×8 மூலைச் சதுரங்கள் காலியாகவே நின்றுவிடுவதுண்டு. அவை டைல்கள் சந்திக்கும் இடங்களில் கரும்புள்ளிகளாகத் தலைகாட்டும்.

என்னுடையது டைல் இல்லை. மாடலுக்கு பேக் செய்த, அதாவது ஒளி நிழலை முன்பே கணக்கிட்டுப் பதித்த டெக்ஸ்சர். யூவி தீவுகள் கோணல்மாணலாக இருக்கின்றன. அங்கே எப்படி நிரப்புவது?

அங்கேதான் டைலேஷன் வருகிறது. எந்த டெக்சல்களில் உண்மையான நிறம் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு மாஸ்க் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும், காலியாக இருந்து நிரம்பிய அண்டை கொண்ட டெக்சல் ஒவ்வொன்றும் தன் எட்டு அண்டைகளில் நிரம்பியவற்றின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. அடுத்த சுற்றில் அதுவும் நிரம்பியதாகக் கணக்கில் சேர்கிறது. இப்படித் தீவின் கரை ஒரு சுற்றுக்கு ஒரு டெக்சல் வீதம் வெளியே வளர்கிறது.

```python
def dilate(rgb, mask, n):
    rgb, mask = rgb.astype(np.float32), mask.copy()
    for _ in range(n):
        acc = np.zeros_like(rgb)
        cnt = np.zeros(mask.shape, np.float32)
        for dy in (-1, 0, 1):
            for dx in (-1, 0, 1):
                m = np.roll(mask, (dy, dx), (0, 1))
                acc += np.roll(rgb, (dy, dx), (0, 1)) * m[..., None]
                cnt += m
        new = ~mask & (cnt > 0)
        rgb[new] = acc[new] / cnt[new][:, None]
        mask |= new
    return rgb
```

`np.roll` படத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சுற்றிவரும் என்பதைக் கவனிக்க வேண்டும். இடது கரையை ஒட்டிய தீவின் நிறம் வலது கரையில் முளைக்கும். அட்லஸ் `GL_CLAMP_TO_EDGE` முறையில் இருந்தால் படத்தைச் சுற்றி n டெக்சல் காலி ஓரம் சேர்த்து ஓட்டிவிட்டு, பிறகு வெட்டிவிடலாம்.

மாஸ்க்கை நிறத்திலிருந்து ஊகிக்க வேண்டாம். "கருப்பாக இருந்தால் காலி" என்று எழுதப்பட்ட நிரல், பேக் செய்த நிழலின் உண்மையான கருப்பையும் காலியிடம் என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் பூசிவிடும். தீவின் முக்கோணங்களை வரைந்து பெறுவதே நம்பத்தகுந்த மாஸ்க்.

தீவுகள் 2ⁿ மடங்குகளில் அமைவதில்லை. ஆகவே இங்கே ஒன்றரை மடங்குக் கணக்கையே பிடிக்க வேண்டும். பிளெண்டரின் பேக் அமைப்பில் `Margin` இயல்பாக 16 பிக்சல். இந்தக் கணக்கில் அது 3ஆம் நிலை வரை காக்கும். ஆனால் இரண்டு தீவுகள் ஒன்றை நோக்கி ஒன்று வளர்வதால் அவற்றுக்கு இடையே அதைப்போல இரு மடங்கு, அதாவது 32 டெக்சல், இடைவெளி இருந்தால்தான் அந்த 16 முழுதாகக் கிடைக்கும். பேக் செய்யும்போது மார்ஜினை மட்டும் உயர்த்தி, தீவுகளை அடுக்கும்போது விட்ட இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால் எந்தப் பலனும் இல்லை.

மிப்மேப் உருவாக்கிய பிறகு ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாக டைலேஷன் செய்யலாமே? வேலை குறைவு அல்லவா?

அதற்குள் நஞ்சு உள்ளே போயிருக்கும். தீவின் கரையில் நேரியல் அளவில் 200 என்ற வெளிச்சம் இருப்பதாகவும், வெளியே 0 இருப்பதாகவும் கொள்வோம். கரை ஒரு 2×2 சதுரத்தின் நடுவே போனால், 1ஆம் நிலையின் டெக்சல் இரண்டு 200களும் இரண்டு 0களும் சேர்ந்த சராசரியான 100 ஆகிவிடும். அந்த டெக்சல் தீவைத் தொடுவதால் மாஸ்க் அதை நிரம்பியது என்றே சொல்லும். டைலேஷன் அதைத் திருத்தாது, மாறாக அந்த 100-ஐத்தான் வெளியே பரப்பும். முன்பே டைலேஷன் செய்திருந்தால் வெளியேயும் 200 இருந்திருக்கும், சராசரியும் 200.

வரிசை தவறாமல் இருக்க வேண்டும்: பேக் அல்லது அடுக்குதல், டைலேஷன், மிப்மேப், கடைசியில் சுருக்கம். இயந்திரத்தின் இறக்குமதியே மிப்மேப்பை உருவாக்குகிறது என்றால், நீங்கள் அதனிடம் கொடுக்கும் கோப்பில் பேடிங் ஏற்கெனவே நிரம்பியிருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாஸ்க்கையே எடையாக வைத்து, காலியானவற்றைக் கணக்கில் சேர்க்காமல் சராசரி எடுக்கும் மிப் உருவாக்கியை நீங்களே எழுதினால் பிறகு நிரப்புவதும் சரிவரும். டைல் அட்லஸில் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியே மிப்மேப் செய்து, பிறகு நிலைவாரியாக ஒட்டுவதும் அதே வகையைச் சேர்ந்தது. கைசர் போன்ற அகன்ற வடிகட்டியைப் பயன்படுத்துவோருக்கு இது தேவையும் கூட. அவ்வடிகட்டி 2×2 சதுரத்துக்கு வெளியேயும் எட்டிப் பார்ப்பதால், மேலே சொன்ன மடங்குக் கணக்கு சாதாரணச் சதுரச் சராசரிக்கு மட்டுமே பொருந்தும்.

ஒளிபுகும் ஸ்பிரைட்களைச் சுற்றிக் கரும் விளிம்பு. இதுவும் இதே நோயா?

வேர் ஒன்றுதான், ஆனால் இங்கே கசிவது பக்கத்து ஸ்பிரைட் அல்ல. ஆல்ஃபா 0 உள்ள டெக்சலிலும் ஏதோ ஒரு நிறம் இருக்கிறது, பெரும்பாலும் கருப்பு; கலக்கும்போது அந்த நிறமும் சேர்ந்துகொள்கிறது. டைலேஷனை நிறத்துக்கு மட்டும் செய்து ஆல்ஃபாவை 0 ஆகவே விட வேண்டும். ஆல்ஃபாவையும் நீட்டினால் இலையின் ஓரம் தடித்துவிடும். யூனிட்டியில் `Alpha Is Transparency`, கோடோவில் `Fix Alpha Border` ஆகியவை இந்த வேலையைத்தான் செய்கின்றன. முன்பெருக்கிய ஆல்ஃபாவைப் பயன்படுத்தினால் கரும் விளிம்பு தானாகவே போய்விடும். ஆனால் பக்கத்து ஸ்பிரைட்டிலிருந்து வரும் கசிவுக்குப் பேடிங் அப்போதும் வேண்டும்.

4ஆம் நிலை வரைதான் சுத்தம் என்றால் அதற்கு அப்பால் என்ன செய்வது?

அதற்கு அப்பால் போகாமல் தடுத்துவிட வேண்டும்.

```c
glTexParameteri(GL_TEXTURE_2D, GL_TEXTURE_MAX_LEVEL, 4);
```

4ஆம் நிலையில் நம் டைல் 4×4 டெக்சலாகச் சுருங்கியிருக்கும். அதைவிடச் சுருங்கினால் இழக்க அதிகம் இல்லை. மிகத் தொலைவில் தரை லேசாக மினுமினுக்கலாம். மூடுபனி வைத்திருக்கும் காட்சியில் அது பெரும்பாலும் தெரியாது. இந்த வரியை விட்டுவிட்டு "பேடிங் வேலை செய்யவில்லை" என்று பேடிங்கை 8இலிருந்து 16ஆக்கி, 16இலிருந்து 32ஆக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. கடைசி நிலையில் அட்லஸ் முழுவதும் ஒரே டெக்சல் என்பதால் எந்தப் பேடிங்கும் அங்கே உதவாது.

எல்லாம் செய்த பிறகும் தரையைச் சாய்வாகப் பார்த்தால் கோடு வருகிறது.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

முதலாவது, அனிசோட்ராபிக் வடிகட்டல். சாய்வான பரப்பில் அது கூர்மையான மிப் நிலையைத் தேர்ந்து, நீள்வாக்கில் பல மாதிரிகளை எடுக்கிறது. 2ஆம் நிலையில் 8 மடங்கு என்றால் மாதிரிகளின் வரிசை ஏறத்தாழ 32 மூல டெக்சல் நீளம். நடுவிலிருந்து ஒரு பக்கம் 16. நம் பேடிங் 8 தான். இதை 1 மடங்காக்கி, அதாவது முழுவதும் நிறுத்திப் பார்த்ததும் கோடு மறைந்தால் காரணம் இதுவே.

இரண்டாவது, உண்மையில் கசிவே அல்ல. ஒரு பெரிய தரையில் டைலைத் திரும்பத் திரும்ப வர வைக்க ஷேடரில் `fract` போட்டிருப்பீர்கள். டைல் முடிந்து அடுத்தது தொடங்கும் பிக்சலில் யூவி 1இலிருந்து 0க்குத் தாவுகிறது. அந்தத் தாவலைப் பார்த்து ஜிபியூ பரப்பு மிகத் தொலைவில் இருப்பதாக நினைத்து மிகச் சிறிய மிப் நிலையைக் கொடுத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் குற்றமற்ற பேடிங்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். தாவலுக்கு முன்பே மாற்ற வீதத்தை எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது:

```glsl
vec2 uv = origin + fract(t) * size;
vec4 c  = textureGrad(atlas, uv, dFdx(t) * size, dFdy(t) * size);
```

என் கோடு இவற்றில் எதனால் வருகிறது என்று எப்படிச் சொல்வது?

முதலில் வடிகட்டலை `GL_NEAREST` ஆக்கி மிப்மேப்பையும் நிறுத்துங்கள். அப்போதும் கோடு இருந்தால் யூவி எண்களிலோ மாடலின் முனைகளிலோதான் பிழை. இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் அதைத் தீர்க்காது. மறைந்துவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பி, பேடிங் முழுவதையும் கண்ணைப் பறிக்கும் மெஜந்தாவால் நிரப்பி மிப்மேப்பை மறுபடி உருவாக்குங்கள். மெஜந்தா தெரிந்தால் பயப்பட வேண்டாம், பேடிங் அதற்காகத்தான் இருக்கிறது. மெஜந்தாவைத் தாண்டிப் பக்கத்து டைலின் நிறம் எந்தத் தொலைவில் கலந்து தெரியத் தொடங்குகிறது என்பதையே பார்க்க வேண்டும். அந்தத் தொலைவில் எந்த மிப் நிலை வருகிறதோ அதற்கு முந்தைய நிலைதான் உங்கள் உண்மையான எல்லை.

சுருக்கிய பிறகு மட்டும் ஓரத்தில் லேசான நிறமாற்றம் தெரிகிறது.

பிசி1, பிசி7, ஈடிசி2 ஆகியவை 4×4 டெக்சல் தொகுதிகளாகச் சுருக்குகின்றன. ஒரே தொகுதியில் பச்சையும் ஆரஞ்சும் மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று கறைப்படுத்தும். நம் 80 டெக்சல் கட்டம் 2ஆம் நிலையில் 20 டெக்சல், அதாவது சரியாக ஐந்து தொகுதிகள். 3ஆம் நிலையில் 10 டெக்சல் ஆகி, தொகுதி இரண்டு கட்டங்களின் மேல் விழுகிறது. அந்தத் தொலைவில் இதை யாரும் கவனிப்பது அரிது என்பதால் நான் விட்டுவிடுவேன்; 0ஆம் நிலையிலேயே கட்டம் 4இன் மடங்காக இல்லாவிட்டால் மட்டும் திருத்துவேன்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் டெக்ஸ்சர் அரேயே போதாதா?

எல்லா டைல்களும் ஒரே அளவு என்றால் போதும். தரைக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன். `GL_TEXTURE_2D_ARRAY`-இல் ஒவ்வொரு டைலும் தனி அடுக்கு. வடிகட்டல் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது, `GL_REPEAT` இயல்பாக வேலை செய்யும், அனிசோட்ராபியும் தொந்தரவு தராது. ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.0, வெப்ஜிஎல் 2 இரண்டும் குறைந்தது 256 அடுக்குகளை உறுதி செய்கின்றன. நம் பழைய அட்லஸின் 256 டைல்களுக்கு அது சரியாக இருக்கும். அளவு வேறுபடும் ஸ்பிரைட்களுக்கும், ஒரே படத்துக்குள் பல தீவுகள் கொண்ட பேக் டெக்ஸ்சர்களுக்கும், லைட்மேப்களுக்கும் அரே எதையும் மாற்றாது. அங்கே கசிவு ஓர் அடுக்கின் உள்ளேயே நடக்கிறது. பேடிங்கும் டைலேஷனும் அங்கே வேண்டும்.